முதல் ட்ரையத்லான்: டிரான்சிஷன் இடத்தை அமைப்பதும் பை கட்டுவதும்

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடிப் பக்கத்திலிருந்து முதல் ட்ரையத்லானுக்குப் போகிறவர்களோடு துணைக்குப் போவது என் வழக்கம். நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றுக்கும் மாதக்கணக்கில் பயிற்சி எடுத்தவர்கள், நடுவே பொருள் மாற்றிக்கொள்ளும் இடத்தில் திகைத்து நிற்பதைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். அந்த இடத்துக்குத்தான் டிரான்சிஷன் என்று பெயர். நீச்சல் முடிந்து சைக்கிளை எடுப்பது டி1, சைக்கிளை வைத்துவிட்டு ஓடக் கிளம்புவது டி2. இரண்டிலும் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும்.

இங்கே சொல்வது முழுக்க ஸ்பிரிண்ட் தூரத்துக்கானது: 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம். முதல் முறை போகிறவர்களுக்கு அதுதான் ஏற்றது.

1. பத்து நாள் முன்பு: விதித்தாளிலிருந்து நான்கு விடைகள்

பதிவு செய்தவர்களுக்குப் போட்டி நடத்துபவர்கள் விதித்தாள் அனுப்புவார்கள். அதில் நான்கு விஷயங்களைத் தேடி எடுத்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். சைக்கிளை முந்தின நாளே ஒப்படைக்க வேண்டுமா, காலையில் கொண்டுவந்தால் போதுமா? டிரான்சிஷன் எத்தனை மணிக்கு மூடப்படும்? சைக்கிள்களை வரிசையாக மாட்டும் கம்பியான ரேக்கில் உங்கள் எண்ணுக்கென்று இடம் உண்டா, முதலில் வருபவர் பிடித்துக்கொள்ளலாமா? கொண்டுவரும் பையை உள்ளே வைக்கலாமா, வெளியே ஒப்படைக்க வேண்டுமா?

முதலில் இதைச் செய்யச் சொல்வதற்குக் காரணம், மற்ற எல்லா ஏற்பாடும் இந்த விடைகளைப் பொறுத்தே அமைகிறது. முந்தின நாள் ஒப்படைப்பு என்றால் ஒரு இரவு முழுவதும் சைக்கிள் பனியில் நிற்கும். இடம் முன்கூட்டியே ஒதுக்கப்படாவிட்டால் அதிகாலையில் சீக்கிரம் போய்ச் சேர வேண்டும். பையை உள்ளே விடமாட்டார்கள் என்றால், தரையில் விரிக்கும் துண்டின் மேல் இருப்பது மட்டுமே உங்கள் உடைமை.

2. உடை: தண்ணீரில் இறங்கும் உடையிலேயே முடிக்க வேண்டும்

ஈர உடம்பில் பனியன் ஏறாது. தோளில் சுருண்டு, முதுகில் ஒட்டிக்கொண்டு, இழுக்க இழுக்கக் கயிறாகிவிடும். ஆகவே நீந்தும்போதே போட்டிருக்கும் உடையில் சைக்கிளும் ஓட்டவேண்டும், ஓடவும் வேண்டும்.

மூன்று பகுதிக்கும் சேர்த்துத் தைத்த ட்ரை சூட் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் இறுக்கமான சைக்கிள் ஷார்ட்ஸும் உடம்போடு ஒட்டிய கையில்லா மேலாடையும் போதும். பெண்கள் பலர் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, உடை மாற்ற மறைவிடம் இருக்குமா என்பதுதான். குறுகிய தூரப் போட்டிகளில் அதை நம்பிப் போகாதீர்கள். டிரான்சிஷனில் உடம்பை வெளிக்காட்டி உடை மாற்றுவதும் விதிப்படி கூடாது. ஸ்போர்ட்ஸ் உள்ளாடையின் மேல் அதே மேலாடையோடு நீந்திப் பழகிவிட்டால் அந்தக் கவலையே இல்லை.

குளிர்நாடுகளின் பட்டியல்களில் காணப்படும் ரப்பர் நீச்சல் உடை நம் ஊர் வெதுவெதுப்பான தண்ணீருக்குத் தேவையில்லை. அதைப் பார்த்துப் பணம் செலவழிக்க வேண்டாம்.

3. முற்றத்தில் ஒத்திகை

பையைக் கட்டுவதற்கு முன்பே ஒத்திகை பார்த்துவிட வேண்டும். எதை எடுத்துச் செல்லவேண்டும் என்பதைவிட, எதை விட்டுவிட வேண்டும் என்பது ஒத்திகையில்தான் தெரியும். இதற்காக வெண்ணாற்றிலோ கல்லணைக் கால்வாயிலோ இறங்கவேண்டியதில்லை. நீரோட்டம் இருக்கும்போது இறங்கவே கூடாது. ஒரு வாளித் தண்ணீர் போதும்.

பாபநாசத்துப் பள்ளி ஆசிரியை ஒருவரின் வீட்டு முற்றத்தில் நடந்ததைச் சொல்கிறேன். துணி காயப்போடும் கொடிக்கம்பத்தில் சைக்கிளைச் சாய்த்து, தரையில் துண்டு விரித்து, அவர் கொண்டுபோக நினைத்த எல்லாவற்றையும் பரப்பினார். தெருமுனை வரை ஓடி, திரும்பி வந்து, தலையில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிக்கொண்டு டி1-ஐத் தொடங்கினார். 7 நிமிடம் 10 விநாடி ஆயிற்று.

அந்த நேரம் எங்கே போனது என்று இருவரும் உட்கார்ந்து எண்ணினோம். முழுக்கை மேலாடையை ஈர உடம்பில் ஏற்ற 2 நிமிடத்துக்கு மேல். நீளமான காலுறையை இழுத்து ஏற்றுவதற்கு ஒன்றரை நிமிடம். கூலிங் கிளாஸ் துண்டுக்கு அடியில் போய்விட்டதால் அதைத் தேடியது அரை நிமிடம். கையுறைக்கு முக்கால் நிமிடம். எண் அட்டையை மேலாடையில் ஊக்கால் குத்தியது ஒரு நிமிடம். மீதி ஒரு நிமிடத்துச் சொச்சத்தில்தான் உண்மையில் செய்யவேண்டிய ஹெல்மெட், ஷூ, கிளம்புதல் எல்லாம் நடந்தன.

மேலாடை, கையுறை இரண்டையும் எடுத்துவிட்டோம். நீளக் காலுறைக்குப் பதில் கணுக்காலோடு நிற்கும் காலுறை. அதை விரல் முனைவரை சுருட்டி, உள்ளே கொஞ்சம் பவுடர் தூவி வைத்தோம். ஊக்குக்குப் பதில் இடுப்பில் மாட்டும் எலாஸ்டிக் எண் பெல்ட். கூலிங் கிளாஸ், காம்புகள் விரிந்தபடி ஹெல்மெட்டுக்குள். இரண்டாம் தடவை 3 நிமிடம் 20 விநாடி. நாலு நாள் கழித்து இன்னொரு ஒத்திகையில் 2 நிமிடம் 30 விநாடி. அவருடைய கை வேகம் கூடவில்லை. செய்யும் வேலைதான் குறைந்திருந்தது.

ஷூ பற்றி என் கருத்து: அடிப்பக்கக் கொக்கியால் பெடலில் மாட்டிக்கொள்ளும் கிளிட் ஷூ முதல் போட்டிக்கு வேண்டாம். சாதாரணப் பெடலில், ஓடும் ஷூவோடு சைக்கிள் ஓட்டுங்கள். 20 கிலோமீட்டரில் கொஞ்சம் நேரம் இழப்பீர்கள். ஆனால் டி2-வில் ஷூ மாற்றும் வேலையே இராது. டெல்டாவின் களிமண் வேறு கிளிட்டுக்குள் ஏறி அடைத்துக்கொண்டால் பெடலில் அது மாட்டாது. ஷூ நாடாவுக்குப் பதில் எலாஸ்டிக் நாடா கோர்த்துவிட்டால் முடிச்சுப் போட வேண்டியதும் இல்லை. கோர்த்த பின் ஒரு முறையாவது 5 கிலோமீட்டர் ஓடிப் பாருங்கள். இறுக்கம் அதிகமானால் பாதத்தின் மேல்பக்கம் மரத்துப்போகும்.

4. ஐந்து தாம்பூலப் பைகள்

கல்யாண வீடுகளில் கொடுத்த தாம்பூலப் பைகள் எல்லார் வீட்டிலும் கிடக்கும். ஐந்து எடுத்து, மார்க்கர் பேனாவால் எண் போடுங்கள். ஒரே பெரிய பையில் எல்லாவற்றையும் திணித்தால், காலை ஐந்து மணி இருட்டில் நீச்சல் கண்ணாடியைத் தேடி மொத்தத்தையும் தரையில் கொட்டவேண்டிவரும்.

முதல் பை நுழைவுக்கு: அடையாள அட்டை, பதிவுச் சீட்டின் அச்சுப்படி, எண் அட்டை, எண் ஒட்டிகள், நேரம் பதியும் சிப், தலையில் மாட்டும் டார்ச்.

இரண்டாவது நீச்சலுக்கு: நீச்சல் கண்ணாடி இரண்டு, போட்டி நடத்துபவர்கள் கொடுத்த தொப்பி, சிறு டப்பாவில் தேங்காய் எண்ணெய். இரண்டு கண்ணாடி ஏன் என்றால், ரப்பர் வார் அறுவது எப்போதும் மாட்டும்போதுதான். பட்டியலில் இரட்டையாக எடுக்கச் சொல்லும் ஒரே பொருள் இதுதான்.

மூன்றாவது சைக்கிளுக்கு: ஹெல்மெட், கூலிங் கிளாஸ், தண்ணீர் பாட்டில், மாற்று டியூப், டயரை நெம்பிக் கழற்றும் லிவர், சிறு பம்ப், வால்வு அடாப்டர். நான்காவது ஓட்டத்துக்கு: ஷூ, காலுறை, எண் பெல்ட், முன்மடிப்புள்ள தொப்பி. ஐந்தாவது பிறகு போட்டுக்கொள்ள: உலர்ந்த உடை, செருப்பு, பெரிய துண்டு, ஈர உடைக்கு ஒரு பிளாஸ்டிக் பை, கொஞ்சம் ரொக்கம்.

இவற்றோடு தனியாக இரண்டு: தரையில் விரிக்கச் சிறு துண்டு ஒன்று, கால் கழுவ ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒன்று. இந்தத் தண்ணீர் பாட்டிலை எந்தப் பொதுப் பட்டியலிலும் நான் பார்த்ததில்லை. நம் பக்கத்து நீர்நிலையிலிருந்து கரையேறினால் ஆற்றுமணலோ வண்டலோ காலில் ஒட்டாமல் இராது. அந்த மணல் காலுறைக்குள் போனால், ஓட்டத்தின் மூன்றாவது கிலோமீட்டரில் குதிகாலில் கொப்புளம் நிச்சயம்.

பையைக் கட்டும்போது மனத்துக்குள் போட்டியை முதலிலிருந்து கடைசிவரை ஓட்டிப் பார்த்து, கை எதைத் தொடுகிறதோ அதை வையுங்கள். கட்டி முடித்தபின் "எதற்கும் இருக்கட்டும்" என்று எதையும் சேர்க்காதீர்கள்.

5. முந்தின நாள்: சக்கரமும் வால்வும்

காரின் பின் இருக்கையில் சைக்கிளை ஏற்ற முன்சக்கரத்தைக் கழற்றுவோம். திரும்ப மாட்டும்போது அச்சின் நெம்புகோல் சரியாக இறுகாமல் போவதும், சக்கரம் கோணலாக உட்கார்ந்து பிரேக் கட்டை உரசுவதும் அடிக்கடி நடக்கின்றன. மாட்டியதும் சைக்கிளைத் தூக்கிப்பிடித்துச் சக்கரத்தைச் சுழற்றுங்கள். உரசும் ஓசையில்லாமல் வெகுநேரம் சுற்றி நிற்க வேண்டும். பிறகு இறங்கும் இடத்திலேயே அரைக் கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்து, எல்லாக் கியரும் விழுகின்றனவா என்று பாருங்கள்.

வால்வு விஷயத்தில் பலர் ஏமாந்திருக்கிறார்கள். ரோடு சைக்கிள்களில் பெரும்பாலும் மெல்லிய பிரஸ்டா வால்வுதான் இருக்கும். ஊர் சைக்கிள் கடைப் பம்பும் பெட்ரோல் பங்க் காற்றுக் குழாயும் அதற்குப் பொருந்தா. சிறு பித்தளை அடாப்டர் ஒன்றை டியூபோடு சேர்த்தே வைத்திருங்கள்.

முந்தின நாள் மதியமே ஒப்படைப்பதானால் டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்துவிட்டு வையுங்கள். முழுக் காற்றோடு வெயிலில் நின்றால் உள்ளே அழுத்தம் ஏறும்; டியூப் பழையதானால் வெடிக்கும். காலையில் போய் நிரப்பிக்கொள்ளலாம். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் உச்ச அளவைத் தாண்ட வேண்டாம். மார்கழி, தை மாதமானால் பனி இறங்கும். சீட்டின் மேல் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக் கட்டுங்கள். ஹெல்மெட்டையும் ஷூவையும் இரவு அங்கே விடாமல் கையோடு கொண்டுவந்துவிடுங்கள்.

அறுவடைக் காலத்தில் கிராமச் சாலைகளில் நெல்லும் வைக்கோலும் காயும். கருவேல முள்ளும் சேர்ந்து வரும். ரேக்கில் மாட்டுமுன் டயரை உள்ளங்கையால் மெல்லத் தடவி, முள் ஏறியிருந்தால் பிடுங்கிவிடுங்கள். பஞ்சர் உடனே தெரியாது. காலையில்தான் டயர் சப்பையாக இருக்கும்.

6. காலையில் இடம் அமைக்கும் வரிசை

உடம்பில் எண் எழுதுவதோ எண் ஒட்டி ஒட்டுவதோ முதல் வேலை. கழுத்துப்புறத்திலும் அக்குளிலும் எண்ணெய் தடவுவது அதற்குப் பிறகு. வரிசை மாறினால் தோலில் மை பிடிக்காது. எண்ணெய்க் கையோடு நீச்சல் கண்ணாடியைத் தொடாதீர்கள், உள்பக்கம் மங்கிவிடும்.

அடுத்து சைக்கிள். சீட்டின் மூக்கை ரேக் கம்பியில் தொங்கவிடுவதுதான் வழக்கம். பக்கத்துச் சைக்கிள்கள் எந்தப் பக்கம் நோக்கி நிற்கின்றன என்று பார்த்து மாட்டுங்கள். கியரை எளிதானதில் வைத்துவிடுங்கள். ஏறியவுடன் நனைந்த கால்களோடு கடினமான கியரை மிதிக்க முடியாமல் சாய்ந்து விழுந்தவர்களைச் சைக்கிளில் ஏறும் கோட்டருகிலேயே பார்த்திருக்கிறேன்.

பாட்டிலில் ஓ.ஆர்.எஸ். கலந்து சைக்கிளில் மாட்டுங்கள். பொட்டலத்தின் மேல் ஒரு லிட்டர் என்று எழுதியிருந்தால் ஒரு லிட்டரில்தான் கலக்கவேண்டும். அரை லிட்டர் பாட்டிலில் முழுப் பொட்டலத்தைக் கொட்டினால் உப்பு மிகுந்து வயிற்றைப் புரட்டும். கடலை மிட்டாய் எடுத்துவந்தால் தரையில் வைக்கவேண்டாம். நீங்கள் நீந்தி வருவதற்குள் எறும்பு வந்துவிடும்.

ஹெல்மெட்டைக் கைப்பிடியின் மேல் மல்லாத்தி, அதாவது குழிவு மேலே தெரியும்படி, அதன் முன்பக்கம் உங்களைப் பார்க்க வையுங்கள். இரு கையால் எடுத்துத் தலைக்குத் திருப்பினால் நேராக உட்காரும். வார்கள் இருபக்கமும் வெளியே தொங்கட்டும். உள்ளே விழுந்து கிடந்தால் தலைக்கும் ஹெல்மெட்டுக்கும் நடுவே மாட்டிக்கொள்ளும்.

கடைசியாகத் தரை. துண்டை இரண்டாக மடித்து முன்சக்கரத்தின் பக்கத்தில் விரியுங்கள். உங்கள் கைப்பிடியின் அகலத்துக்கு மேல் இடம் எடுக்கக்கூடாது. துண்டின் மேல் ஷூ, அதன் வாய்க்குள் சுருட்டிய காலுறை, காலுறையின் மேல் எண் பெல்ட். ஓட்டத் தொப்பி ஷூவுக்குப் பின்னால், தனியாக. முதலில் வேண்டியது உங்களுக்குப் பக்கத்திலும், பிறகு வேண்டியது தள்ளியும் இருக்கவேண்டும். கால் கழுவும் பாட்டிலின் மூடியைத் தளர்த்தி வையுங்கள். ஈரக் கையால் இறுகிய மூடி திறக்காது.

சிப்பை இடது கணுக்காலில் கட்டுங்கள். சைக்கிள் சங்கிலி வலப்பக்கம் ஓடுவதால், அங்கே கட்டினால் உரச வாய்ப்புண்டு.

7. நான்கு வழிகளையும் நடந்து பாருங்கள்

இடம் அமைத்ததும் கிளம்பிவிடாதீர்கள். நீச்சல் முடிந்து உள்ளே வரும் வாயிலிலிருந்து உங்கள் சைக்கிள்வரை நடங்கள். அங்கிருந்து சைக்கிள் வெளியேறும் வாயில்வரை. பிறகு சைக்கிள் திரும்பி வரும் வாயிலிலிருந்து உங்கள் இடம்வரை. கடைசியாக ஓட்டம் தொடங்கும் வாயில்வரை.

பாபநாசத்து ஆசிரியை தடுமாறியது இங்கேதான். நீச்சல் பக்கத்திலிருந்து எண்ணி "நாலாவது வரிசை" என்று மனத்தில் பதித்திருந்தார். டி1-இல் சைக்கிளைச் சரியாகக் கண்டுபிடித்தார். சைக்கிளில் திரும்பி வந்தது எதிர்ப்பக்க வாயில். அங்கிருந்து எண்ணினால் அவருடையது ஏழாவது வரிசை. நாலாவது வரிசையில் சைக்கிளைப் பிடித்தபடி தன் துண்டைத் தேடி மேலும் கீழும் நடந்தார்.

பக்கத்துச் சைக்கிளையோ பக்கத்தவரின் பச்சைத் துண்டையோ அடையாளம் வைக்காதீர்கள். நீங்கள் வரும்போது அவை அங்கே இரா. பலூனோ ரிப்பனோ கட்டினால் நடுவர் அகற்றிவிடலாம். தென்னை மரம், விளக்குக் கம்பம் போல நகராத ஒன்றைப் பிடித்துக்கொண்டு, இரு வாயிலிலிருந்தும் தனித்தனியாக எண்ணிக்கொள்ளுங்கள்.

8. டி1: தண்ணீரிலிருந்து சைக்கிளுக்கு

கடைசி 50 மீட்டரில் காலை நன்றாக உதைத்து நீந்துங்கள். இவ்வளவு நேரம் படுத்திருந்த உடம்பு சட்டென்று நிமிரும்போது தலை சுற்றும். உதைத்தால் காலுக்கு ரத்தம் போய்ச் சுற்றல் குறையும். அப்படியும் சுற்றினால் நடந்தே வாருங்கள்.

நடந்துகொண்டே கண்ணாடியையும் தொப்பியையும் கழற்றிக் கையில் பிடியுங்கள். வழியில் எறிந்தால் தண்டனை உண்டு. சைக்கிளருகே வந்ததும் கூலிங் கிளாஸ், உடனே ஹெல்மெட், கொக்கியை மாட்டும் "டிக்" ஓசை. அதன்பிறகுதான் எண் பெல்ட், கால் கழுவல், காலுறை, ஷூ. எண் முதுகுப்பக்கம் இருக்கட்டும்.

ஹெல்மெட்டை முதலில் போடச் சொல்வதற்குக் காரணம் விதி. கொக்கி மாட்டாத ஹெல்மெட்டோடு சைக்கிளை ரேக்கிலிருந்து எடுத்தால் நடுவர் நிறுத்துவார். மூச்சு வாங்கும் நேரத்தில் கடைசியாக வைத்ததுதான் மறந்துபோகும். ஆகவே மறக்கக்கூடாததை முதலில் வைக்கிறோம்.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் வெளியே போகவேண்டும். தரையில் போட்டிருக்கும் ஏறும் கோட்டைத் தாண்டியபின் ஓரமாகப் போய் ஏறுங்கள். கோட்டின் மேலேயே நின்று ஏறினால் பின்னால் வருபவர் மோதுவார்.

9. டி2: சைக்கிளிலிருந்து ஓட்டத்துக்கு

இறங்கும் கோட்டுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, கோட்டைத் தொடுமுன் கீழே இறங்கிவிடுங்கள். தள்ளிக்கொண்டு வந்து ரேக்கில் மாட்டுங்கள். மாட்டி, கையை எடுத்தபின்தான் ஹெல்மெட் கொக்கியைத் தொடவேண்டும்.

புதியவர்கள் பெரும்பாலும் மாட்டிக்கொள்ளும் விதி இதுதான். வெக்கையில் இறங்கியதும் கை தானாகத் தாடைக்குப் போகிறது. ஒத்திகையில் இதைத் தனியாகப் பத்து முறை செய்யுங்கள்: இறங்கு, தள்ளு, மாட்டு, கழற்று.

பிறகு தொப்பியை எடுத்துக்கொண்டு, ஓடியபடியே எண் பெல்ட்டை முன்பக்கம் திருப்புங்கள். ஷூ ஏற்கெனவே காலில் இருப்பதால் வேறு வேலை இல்லை. ஆசிரியைக்கு, வரிசை தேடிய நேரம் போக, இதற்கு 40 விநாடிதான் பிடித்தது.

10. ஓடி முடித்தபின்

உடனே சைக்கிளை எடுக்க விடமாட்டார்கள். கடைசி ஆள் சைக்கிள் பகுதியை முடித்த பிறகே டிரான்சிஷன் திறக்கப்படும். அதுவரை உலர்ந்த உடையும் செருப்பும் கையில் இருக்கவேண்டும் என்பதால்தான் ஐந்தாவது பையை உள்ளே வைக்காமல் துணைக்கு வந்தவரிடம் கொடுத்துவைக்கச் சொல்வேன்.

எண் அட்டையைக் கசக்கி எறிந்துவிடாதீர்கள். அதையும் சைக்கிளில் ஒட்டிய எண்ணையும் ஒப்பிட்டுப் பார்த்துத்தான் வாயிலில் சைக்கிளை வெளியே விடுவார்கள். சிப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, துண்டை உதறும்போது நீச்சல் கண்ணாடி அதற்குள் சுருண்டு கிடக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் கிடக்கும்.